நீல அட்டையில் இரண்டு வெள்ளைக் கரு

மகளே, மகனே, போன வருஷம் நம் வீட்டில் மூன்று மாதம் முட்டையின் மஞ்சள் கருவாகவே தின்றோமே, நினைவிருக்கிறதா? மஞ்சள் கருக் குழம்பு, மஞ்சள் கருப் பொடிமாஸ், தோசை மேல் மஞ்சள் கரு. ஒரு நாள் சின்னவன் தட்டைத் தள்ளிவிட்டு, "அப்பா, இந்தக் கோழியெல்லாம் வெள்ளையே இல்லாமயா முட்டை போடுது?" என்று கேட்டான். அக்கா சிரித்தாள், அம்மா சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வெள்ளை பெரியப்பாவுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். ஏன் என்று சொல்லவில்லை. சொல்வதென்றால் நான் செய்த தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு அன்றைக்கு மனசு வரவில்லை. இப்போது எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தில் பிழை இருக்காது. அதை மட்டும் பல தடவை சரிபார்த்துவிட்டேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்கள் சிநேகிதர்கள் கேட்டால் "ஆஸ்பத்திரியில் குக்" என்று சொல்கிறீர்கள். சரிதான். ஆனால் டயட் கிச்சன் சாதாரண அடுக்களை இல்லை. அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அட்டை உண்டு. சாதாரண நோயாளிக்கு வெள்ளை. சர்க்கரைக்குப் பச்சை. கிட்னி கெட்டவர்களுக்கு மஞ்சள். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு நீலம். எங்கள் மாதிரி சமைக்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தரும் சட்டம் ஒன்றுதான்: அட்டை கேட்பதைத் தட்டில் வை, அட்டையிடம் கேள்வி கேட்காதே. நல்ல சட்டம். கைப்பக்குவத்தில் ஒரு கரண்டி கூட்டிப் போடுகிறவனால் அங்கே ஒருவர் உயிர் போகலாம். பதினொரு வருஷம் அந்தச் சட்டத்தை நான் மீறியதில்லை. என் தப்பும் அதிலேதான் இருந்தது.

பெரியப்பாவுக்குச் சர்க்கரை வந்து இருபது வருஷம் ஆகிறது. மூன்று வருஷத்துக்கு முன் கிட்னி கெட ஆரம்பித்தது என்று சொன்னார்கள். அப்போது ஒரு டயட்டீஷியன் அவரைப் பார்த்து, எடை ஐம்பத்தெட்டு கிலோ, கால் வீக்கம் இல்லை என்று குறித்துக்கொண்டு ஒரு சார்ட் எழுதிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரி, புரதம் நாற்பது கிராம். பருப்பு குறைவு, பால் குறைவு, உப்பு குறைவு. காய்கறியை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேக வைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளிக்க வேண்டும். அப்போதுதான் அதிலுள்ள பொட்டாசியம் குறையும். கிட்னி பாதி வேலை செய்யும்போது புரதம் அதிகம் போனால் கழிவு அதிகம் சேரும், அதனால் குறைக்கிறார்கள். அன்றைக்கு அது சரியான சார்ட். நான் அதைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்து, கரமனையில் பெரியப்பா வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஒட்டியதோடு விட்டேனா? வாரத்துக்கு நாலு நாள் போய் நின்றேன். குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தேன். பெரியம்மா ஒரு கரண்டி பருப்பு கூட வைத்தால் எடுத்துத் திரும்பச் சட்டியில் போட்டேன்.

"போலீஸ் வந்தாச்சு" என்பார் பெரியப்பா, என்னைக் கண்டதும்.

"அண்ணே, வாய்க்கு ருசி வேணுமா, உடம்பு வேணுமா?"

"ரெண்டும்தாம்லே வேணும். நீ எந்த ஊர்ச் சமையக்காரன்?"

ஆனால் சொன்னபடி கேட்டார். சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் முப்பது வருஷம் ஸ்டாக் புத்தகம் எழுதிய மனுஷர். எழுத்தில் இருப்பதற்கு மாறாக நடக்கத் தெரியாது. ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து பருப்பைத் தொடாமல் எழுந்தவர்.

அப்படியிருந்தும் கிட்னி முழுக்க நின்றது. டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். செவ்வாய், வியாழன், சனி. அந்த சென்டரில் இருந்த சிஸ்டர் முதல் வாரமே, "இனி நல்லா கழிக்கணும் கேட்டோ" என்று பெரியம்மாவிடம் மலையாளத்தில் சொன்னார். நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று அர்த்தம். பெரியம்மா என்னிடம் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மதினி, நல்லா சாப்பிடணும்னு சிஸ்டருங்க எல்லாருக்கும் சொல்லுவாங்க. சார்ட் இருக்குல்லா, அதுதான் கணக்கு." அந்த வாக்கியத்தை என் வாயால் சொன்னேன். பதினாலு மாதம் அது நின்றது.

பிறகு பரீட்சை வந்தது. எங்கள் கிச்சனில் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியானது. அனுபவமுள்ள குக் யாரும் எழுதலாம் என்றார்கள். டயட்டீஷியன் மேடம் பழைய கேள்விகளை அச்செடுத்துக் கொடுத்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். மகளே, நீ என் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாய். உனக்கு அது விளையாட்டு.

"அப்பா, இது சிம்பிள். ஹைட்டை மீட்டராக்கணும். அதை அதாலேயே பெருக்கணும். அதைக் கொண்டு வெயிட்டை வகுக்கணும். இத்ரயே உள்ளு, இவ்வளவுதான். உங்களுக்கே போடலாமா?"

ஒன்று புள்ளி ஆறு ஐந்தை அதாலேயே பெருக்கினோம். எழுபத்துநாலு கிலோவை அதால் வகுத்தோம். இருபத்தேழு வந்தது.

"இருபத்தஞ்சுக்கு மேல ஓவர்வெயிட், முப்பதுக்கு மேல ஒபீஸ். அப்போ நான் ஓவர்வெயிட்டுதான்" என்றேன், கொஞ்சம் ஆறுதலாக.

"அய்ய, அது உலகக் கணக்கு அப்பா. கீழே நம்ம ஆளுகளுக்குத் தனியா கொடுத்திருக்கு பாருங்க. பதினெட்டரைக்குக் கீழே மெலிவு. இருபத்திமூணு வரைக்கும் நார்மல். அதுலேருந்து இருபத்தஞ்சு வரைக்கும் ஓவர்வெயிட். இருபத்தஞ்சு தொட்டாலே ஒபீஸ். நமக்குக் கொழுப்பு வயித்துல சேருமாம், சுகர் சீக்கிரம் வருமாம்." பிறகு அடுக்களையைப் பார்த்துக் கத்தினாய்: "அம்மா! அப்பா பாஸாயி! ஒபீஸ்ல!"

எல்லோரும் சிரித்து முடித்தபின், பெரியப்பாவுக்கும் போடு என்றேன். அவருக்கு நூற்று அறுபது சென்டிமீட்டர். எடை டயாலிசிஸ் முடிந்து இறங்கும்போது ஐம்பத்தெட்டு. மூன்று வருஷமாக அதே ஐம்பத்தெட்டு. வகுத்தால் இருபத்திரண்டரைக்குச் சற்று மேல். "நார்மல்" என்றாய். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பார், என் சமையல், ஒரு கிலோ கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று உங்கள் அம்மாவிடம் பெருமை பேசினேன். அன்றைக்கு நான் பேசியதை இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது.

மதியச் சாப்பாட்டுத் தட்டுகள் போய், சாயங்காலச் சாயாவுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்தில் கிச்சனை ஒட்டிய சின்ன அறையில் மேடம் என் விடைகளைத் திருத்துவார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னைச் சேட்டா என்று கூப்பிடுவார்கள், தப்பு போட்டால் முகம் பார்க்காமல் சிவப்புக் கோடு போடுவார்கள்.

கலோரிக் கணக்கில் நான் தேறிவிட்டேன். படுக்கையில் இருப்பவருக்குக் கிலோவுக்கு இருபத்தைந்து, டயாலிசிஸ்காரருக்கு முப்பதிலிருந்து முப்பத்தைந்து வரை என்று பெருக்கத் தெரிந்தது. அடுத்த கேள்வி: சர்க்கரையும் கிட்னி நோயும் உள்ள ஒருவர் குறைந்த புரத உணவில் இருக்கிறார், டயாலிசிஸ் ஆரம்பிக்கிறார்கள், இனி அவருடைய புரதத்தை என்ன செய்ய வேண்டும்? குறைக்க வேண்டும், அதே அளவு, கூட்ட வேண்டும், நிறுத்த வேண்டும். நான் 'அதே அளவு' என்பதில் டிக் போட்டிருந்தேன்.

சிவப்புக் கோடு விழுந்தது.

"மேடம், இது சரியாத்தான் இருக்கும்" என்றேன். "கிட்னிக்குப் புரதம் ஆகாது. நான் வீட்டிலேயே மூணு வருஷமா பண்ணுதேன்."

மேடம் பேனாவால் சுவரைக் காட்டினார்கள். அங்கே நாலு நிற அட்டைகளின் மாதிரியும் வரிசையாக மாட்டியிருக்கும். "சேட்டா, மஞ்ச கார்டு வாயிச்சே."

வாசித்தேன். பருப்பு அரைக் கரண்டி. முட்டை இல்லை.

"இனி நீல கார்டு."

பருப்பு ஒரு கரண்டி. முட்டை வெள்ளைக் கரு இரண்டு, சைவர்களுக்குப் பனீர்.

"எத்ர கொல்லமாயி சேட்டன் இந்த ரெண்டு வெள்ளை வைக்குன்னு?"

பதினொரு வருஷம். தினமும் இருபது, இருபத்தைந்து நீலத் தட்டு. என் கையால் உரித்து, மஞ்சளை நீக்கி, மிளகு தூவி வைத்தவை. நாலு மணி நேரம் ஊசியோடு படுத்துக் கிடக்கிறார்களே, களைப்புக்காகக் கொடுக்கிறார்கள் என்று நானாக நினைத்திருந்தேன். ஏன் என்று ஒரு நாள் கேட்டதில்லை. அட்டையிடம் கேள்வி கேட்காதே என்பதுதானே சட்டம்.

மேடம் பொறுமையாகச் சொன்னார்கள். மிஷின் ரத்தத்தைக் கழுவும்போது கழிவோடு புரதத்தின் துணுக்குகளும் போய்விடும். அதனால் முன்னால் கிலோவுக்கு முக்கால் கிராமை ஒட்டி இருந்தது, டயாலிசிஸ் ஆரம்பித்ததும் ஒரு கிராமிலிருந்து ஒன்றேகால் பக்கம் போக வேண்டும். கொடுக்காவிட்டால் உடம்பு தன் சதையையே எடுத்துத் தின்னும்.

"ஆனா அவருக்கு வெயிட்டே குறையலை மேடம்" என்றேன். கேள்வித்தாளை விட்டுவிட்டேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "என் அண்ணன். பதினாலு மாசம் டயாலிசிஸ். அதே ஐம்பத்தெட்டு."

அவர்கள் பேனாவை மூடினார்கள். "காலில நீர் உண்டோ? ராத்திரி தலையணை இல்லாதே கிடக்கான் பற்றுமோ?"

கால் சாயங்காலமானால் வீங்கும். மூன்று தலையணை வைத்துத்தான் படுக்கிறார். அதெல்லாம் கிட்னிக்காரர்களுக்கு வழக்கம் என்று விட்டிருந்தோம்.

"சேட்டா, தராசுக்கு இறைச்சியும் வெள்ளமும் ஒண்ணுதான்" என்றார்கள். வெள்ளம் என்றால் தண்ணீர். சதை போன இடத்தில் தண்ணீர் நிரம்பினால் எடை அப்படியே நிற்கும். அடுத்த கேள்வியே அதுதான்: வீக்கமுள்ள நோயாளிக்கு எந்த எடையை வைத்துக் கணக்குப் போடுவது? நீர் எல்லாம் போனபின் உள்ள எடையை. அதற்கு உலர் எடை என்று பெயர். அந்த விடையை நான் சரியாக டிக் செய்திருந்தேன். பரீட்சைக்காக.

"நான் இன்னைக்கே பருப்பையும் முட்டையையும் கூட்டிடுதேன்" என்று எழுந்தேன்.

"இரிக்கு" என்றார்கள், அதட்டி. உட்கார்ந்தேன். ரத்த ரிப்போர்ட் பார்க்காமல் எதையும் கூட்டக் கூடாது. டயாலிசிஸ் டாக்டரிடம் காலையும் மூச்சையும் காட்ட வேண்டும். சாப்பாடு கூடினால் இன்சுலினை டாக்டர்தான் திருத்த வேண்டும். கிட்னி போனவர்களுக்கு இன்சுலின் உடம்பில் நெடுநேரம் நிற்கும், சட்டென்று சர்க்கரை இறங்கிவிடும். "ஒரு தெற்று திருத்தான் வேறொரு தெற்று செய்யண்டா." தெற்று என்றால் தப்பு. அதைச் சொல்லும்போதுதான் அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் உங்கள் அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். பெரியப்பா டிவி முன்னால் இருந்தார். கால் ஸ்டூலில். நான் பதினாலு மாதமாகக் குழம்புச் சட்டியைத்தான் பார்த்திருக்கிறேன், அவரைப் பார்க்கவில்லை. வாட்ச் முழங்கை வரை ஏறும்போல் இருந்தது. நெற்றிப் பக்கம் ரெண்டும் குழி. கணுக்கால் மட்டும் பலாச்சுளை மாதிரி.

"சட்டையைக் கழட்டுங்கண்ணே."

"எதுக்குலே, கோட்டு தைக்கவா? எனக்கு இனி கல்யாணமா வைக்கப் போற?"

மேல்கையைச் சுற்றி அளந்தேன். இருபத்தொன்றரை சென்டிமீட்டர். ஆண்களுக்கு இருபத்துமூன்றுக்குக் கீழே போனால் சதை போயிருக்கிறது என்று பரீட்சைப் பாடத்தில் இருந்தது. டேப்பைச் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று மறுபடி அளந்தேன். இருபத்தொன்றரைதான். பெரியம்மா வாசல் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பஸ் படியில் கால் வைக்க முடியலை. பின்னாலேருந்து நான்தான் தள்ளுதேன். உங்ககிட்டே சொல்லாதேன்னு சொல்லிட்டார்" என்றார்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா இன்னும் ரெண்டு அயிட்டத்தை நிறுத்துவேல்லா" என்றார் பெரியப்பா.

நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்று முதலில் சொன்னேன். இல்லாவிட்டால் பின்னால் சொல்ல வாய் வராது என்று தெரியும். பெரியப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த சார்ட்டைப் பார்த்தார்.

"பருப்பைத் தொடாதேன்னவன் நீ. இப்போ பருப்பைத் தின்னுன்னு சொல்லுதவனும் நீ. நாளைக்கு வேற எவனாவது உனக்குப் பாடம் எடுத்தா என்ன சொல்லுவே?"

"அண்ணே..."

"பதினாலு மாசம்லே." அவ்வளவுதான். சத்தத்தைக் கூட்டினார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெரியம்மா என்னை வாசல் வரை கொண்டுவிட வந்து, "நான் ஒரு கரண்டி கூட வச்சா எடுத்துச் சட்டியில போடுவீங்களே" என்று மெதுவாகச் சொன்னார். தெருவில் நடக்கும்போது முடிவு செய்துவிட்டேன். அவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும் இதைச் சரி செய்யாமல் விடுவதில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டு டயாலிசிஸ் சென்டருக்குக் கூடவே போனேன். டாக்டர் கணுக்காலில் விரலை அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது. நெஞ்சைக் கேட்டார். ஐம்பத்தெட்டு இல்லை, சதை போயிருக்கிறது, உலர் எடையை இறக்க வேண்டும் என்றார். ஒரே நாளில் அவ்வளவு நீரை எடுத்தால் பிரஷர் விழுந்துவிடும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஐந்து வாரத்தில் ஐம்பத்துமூன்றில் போய் நின்றது. கால் வற்றியது. தலையணை மூன்றிலிருந்து ஒன்றானது. ஐந்து கிலோ! என் பெருமையெல்லாம் அத்தனையும் தண்ணீர். சின்னவனே, அந்த ஐம்பத்துமூன்றை நீ வகுத்துப் பார்த்தாய், ஞாபகமா? "இருபத்தொண்ணு கிட்ட. இதுவும் நார்மல்தானே அப்பா?" என்றாய். எண் நார்மல்தான். அந்த எண்ணுக்குள்ளே கை இருபத்தொன்றரையாக இருந்தது. டயாலிசிஸ்காரருக்கு இந்த எண் இறங்கிக்கொண்டே வருவது நல்லதில்லை என்று மேடம் தனியாகச் சொல்லியிருந்தார்கள்.

ரிப்போர்ட்டைப் பார்த்து மேடம் புதிய சார்ட் எழுதினார்கள். ஆயிரத்து எழுநூறு கலோரி, புரதம் அறுபது கிராம். இன்சுலினை டாக்டர் பார்த்துக்கொண்டார். காயை வேக வைத்து வடிப்பது அப்படியே. இளநீரும் வாழைப்பழமும் அப்போதும் கூடாது, இப்போதும் கூடாது. தண்ணீருக்கும் உப்புக்கும் அதே கட்டுப்பாடு.

சார்ட்டைக் கொண்டுபோய் பெரியப்பா மடியில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"தின்னுங்கன்னு சொல்ல வரலை" என்றேன். "சரிபார்த்துத் தாங்க. என் கணக்கு ஒரு தடவை தப்பிட்டு. நீங்க முப்பது வருஷம் ஸ்டாக் எழுதினவர்."

அது தந்திரம் இல்லை, நிஜமாகவே கேட்டேன். கண்ணாடி கேட்டார். பேனா கேட்டார். பழைய சார்ட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல ஐம்பத்தெட்டை எதால பெருக்கியிருக்கு?"

"புள்ளி ஏழு."

"நாப்பது புள்ளி ஆறு. சரி. இதுல ஐம்பத்திமூணு. ஒண்ணால பெருக்கினா ஐம்பத்திமூணு, ஒண்ணு புள்ளி ரெண்டால பெருக்கினா அறுபத்திமூணரை. நடுவுல அறுபது போட்டிருக்கா அந்தப் பிள்ளை. சரி." பேனா நின்றது. "ஆளு எடையில குறைஞ்சிருக்கேன். சோறு கூடியிருக்கு."

"ஆமாண்ணே."

"சரக்கு லாரியிலேருந்து ஒழுகிக்கிட்டே இருந்திருக்கு. நீ அதே லோடை அனுப்பிக்கிட்டு இருந்திருக்கே." முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "சரி, இந்தக் கூடுதல் இருபது கிராம் எங்கேருந்து வருது?"

பனீர் முப்பது கிராம், அதில் ஐந்து. பருப்பு அரைக் கரண்டி கூடுதல், அதில் நாலு. வெள்ளைக் கரு மூன்று, அதில் பதினொன்று.

"முட்டையா? நான் சைவம்லே."

"தெரியும்."

"அந்தப் பதினொண்ணையும் பனீர்லயே போடச் சொல்லு. இல்லேன்னா பருப்பில."

"கேட்டுட்டேன். பாஸ்பரஸ் கூடிருது. உங்களுக்கு ஏற்கெனவே மேலே நிக்கு, எலும்பையும் ரத்தக் குழாயையும் கெடுக்கும். மஞ்சள் கருவிலயும் அது நிறைய. வெள்ளையில மட்டும்தான் புரதம் நிறைய, பாஸ்பரஸ் கொஞ்சம். மேடம் நாலு விதமா போட்டுப் பார்த்தாங்க. கட்டாயப்படுத்தலை. வேண்டாம்னா ஐம்பதோட நிறுத்திப் பார்க்கலாம்னாங்க, ஆனா கை தேற நாளாகும்னாங்க."

அவரும் போட்டுப் பார்த்தார். தாளின் ஓரத்தில் பனீரைக் கூட்டினார், பருப்பைக் குறைத்தார், ரிப்போர்ட்டைப் புரட்டினார். அரை மணி நேரம் ஆனது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"கணக்கு முட்டையில வந்துதான் நிக்கு" என்றார். பெரியம்மாவைப் பார்த்து, "என்ன சொல்லுத?"

"நீங்க தின்னுங்க. என் அடுக்களைக்குள்ளே ஏறாது" என்றார் பெரியம்மா. கண் துடைத்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அதில் ஒரு விரல் அளவும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதனால்தான் நம் வீட்டில் முட்டை வெந்தது. காலை ஐந்தரைக்கு அவித்து, வெள்ளையை மட்டும் உதிர்த்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, மிளகு தூக்கலாக, உப்பு சார்ட்டில் உள்ள அளவுக்கு. சின்ன டிஃபன் டப்பாவில் எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போய், தின்னும்வரை நின்றுவிட்டு டியூட்டிக்குப் பஸ் ஏறுவேன். மஞ்சளை எறிய உங்கள் அம்மாவுக்கு மனசு வரவில்லை, நீங்கள் தின்றீர்கள். முதல் வாரம் பெரியப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். "மருந்துக்கு இவ்வளவு தாளிப்பு எதுக்கு?" என்றார். மூன்றாவது வாரம், "மிளகு இன்னைக்குக் குறைச்சல்" என்றார். அன்றைக்கு நான் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

பரீட்சையும் நடுவில் எழுதினேன். டிக் போடும் பகுதியில் இரண்டே தப்பு. இங்கிலீஷில் எழுதச் சொன்ன பகுதியில் மார்க் போய்விட்டது. தேறவில்லை. அடுத்த தடவையும் எழுதுவேன். நீ இங்கிலீஷ் சொல்லித் தர வேண்டும் மகளே, சிரிக்காமல்.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. பெரியப்பாவுக்குக் கால் வீக்கம் இல்லாமலே எடை ஒன்றரை கிலோ ஏறியிருந்தது; இது தண்ணீர் இல்லை என்று டாக்டர் பார்த்து உலர் எடையை உயர்த்தி எழுதியிருந்தார். மேல்கை இருபத்திரண்டைத் தாண்டியிருந்தது. கரமனை ஸ்டாப்பில் நானும் அவர்களோடு பஸ்ஸுக்கு நின்றேன். அவர்கள் பஸ் வந்தது. பெரியம்மா வழக்கம்போலப் பின்னால் கையை வைத்தார்.

"தள்ளாதே" என்றார் பெரியப்பா.

கம்பியைப் பிடித்தார். ஒரு காலை வைத்தார். நின்றார். கண்டக்டர், "ஏறு சேட்டா, ஏறு" என்று அவசரப்படுத்தினார். "நிக்கப்பா, மூணு மாசத்துச் சரக்கு ஏறுது" என்று அவரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு மற்றக் காலையும் தூக்கி வைத்தார். உள்ளே போனபின் ஜன்னல் வழியாக என்னைத் தேடி, விரலால் பெருக்கல் குறி மாதிரி ஒன்று காட்டினார். கேலியா பாராட்டா தெரியவில்லை. அவர் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

அன்று மதியத் தட்டுகள் போனபின் அந்தச் சின்ன அறையில் நான் மட்டும் இருந்தேன். சுவரிலிருந்து நீல அட்டையைக் கழற்றினேன். பின்பக்கம் காலியாக இருந்தது. பென்சிலால், முதலில் தமிழில், அதன் கீழே எனக்குத் தெரிந்த மலையாளத்தில் எழுதினேன்: 'இரண்டு வெள்ளை எதற்கு என்றால், ரத்தம் கழுவும்போது புரதமும் போகிறது. வீட்டில் பழைய சார்ட் இருக்கிறதா என்று தட்டு எடுக்கப் போகும்போது நோயாளியிடம் கேட்கவும்.' எழுத்து கோணலாக வந்தது. ரப்பரால் அழித்துவிட்டு, இன்னொரு தடவை நேராக எழுதி, முன்பக்க ஓரத்தில் 'பின்னால் பார்க்க' என்று குறித்து, அட்டையை அதன் ஆணியில் மாட்டினேன்.